பதினான்கு நாள், பதினான்கு நிமிடம்

ஒரு மாணவியை மனதில் வைத்துக்கொண்டு பேசுவோம். நாமக்கல் பக்கம் ஊர். பி.இ. முடித்தவர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்ஸி. சேர நிபந்தனையோடு இடம் கிடைத்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பகுதியும் 6-க்குக் கீழே போகக் கூடாது. அதுதான் நிபந்தனை. மாதிரித் தேர்வில் கேட்டலுக்கு 6.5, வாசிப்புக்கு 6.5, எழுத்துக்கு 6 வந்துவிட்டது. பேச்சுக்கு மட்டும் 5. தேர்வுக்கு இரண்டே வாரம் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். நான்கையும் கூட்டினால் 24. நான்கால் வகுத்தால் 6. பேச்சு 6-ஆக உயர்ந்தால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25. ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.25 என்ற சராசரி மேல்நோக்கி 6.5 ஆகிவிடும். பேச்சில் ஒரு பேண்ட் ஏறினால் இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகவே நிறைவேறும்.

இரண்டு வாரத்தில் ஒரு பேண்ட் ஏறுமா? மற்ற மதிப்பெண்கள் அதற்கு விடை சொல்கின்றன. வாசிப்பிலும் கேட்டலிலும் 6.5 எடுப்பவருக்கு ஆங்கிலம் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில்தான் அடைப்பு. அந்த அடைப்பை எடுக்க இரண்டு வாரம் போதுமானதாக இருக்கலாம். நான்கு பகுதியும் 5 என்றால் குறை ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அவர் தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது. இந்தத் திட்டம் முதல் வகையினருக்கானது.

திட்டத்துக்கு முன்னால் ஒரு சிறு வேலை. பேச்சுத் தேர்வு மற்ற மூன்று தேர்வுகளும் நடக்கும் அதே நாளில்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வரலாம். பதிவுப் பக்கத்தில் பேச்சுக்கான தேதியைத் தனியாகப் பாருங்கள். இரண்டு வாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே வாரமாக இருந்துவிடக் கூடாது அல்லவா?

அந்தப் பதினான்கு நிமிடம்

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். எதிரே ஒரு தேர்வாளர் இருப்பார். சில மையங்களில் அவர் வீடியோ அழைப்பில் வருவார். முதல் பகுதியில் நான்கைந்து நிமிடம் வீடு, வேலை, படிப்பு, பொழுதுபோக்கு பற்றிய கேள்விகள். இரண்டாம் பகுதியில் கையில் ஒரு கியூ கார்டு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டிய பொதுவான கேள்விகள் மேலும் நான்கைந்து நிமிடம் நடக்கும்.

மதிப்பெண் நான்கு தலைப்புகளில் சமமாகப் பிரிகிறது: தடையில்லாத கோர்வையான ஓட்டம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. கருத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொன்னது ஆழமானதா, உண்மைதானா என்று யாரும் எடை போடுவதில்லை. அதனால் 'என்ன சொல்வது' என்று பத்து நாள் குறிப்பு சேர்ப்பது வீண் உழைப்பு. புதிய சொற்களை மனப்பாடம் செய்வதும் அப்படித்தான். இன்று படித்த சொல் பதினான்காம் நாள் பதற்றத்தில் சரியான இடத்தில் வந்து விழாது. ஏற்கெனவே தெரிந்த சொற்கள் தடங்காமல் வெளியே வர வேண்டும். இரண்டு வாரமும் அதற்கே.

முதல் நாள்: கேட்டு எழுதுங்கள்

முதல் நாள் பயிற்சி வேண்டாம், சோதனை மட்டும் போதும். கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒரு கார்டுக்குத் தேர்வில் போலவே பதில் சொல்ல வேண்டும். நம் மாணவி எடுத்த கார்டு, 'நீங்கள் ஒருவருக்கு உதவிய சந்தர்ப்பத்தை விவரியுங்கள்'. பக்கத்து வீட்டுப் பாட்டி ஏ.டி.எம். ரகசிய எண்ணை மறந்துவிட்டார், பென்ஷன் எடுக்க முடியவில்லை, இவர் வங்கிக்குக் கூட்டிப் போனார். நல்ல கதைதான். ஆனால் 50 விநாடியில் முடிந்துவிட்டது.

அடுத்து, பதிவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். 'ஆ', 'ம்' எல்லாவற்றையும் எழுத வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கோடு. 50 விநாடிப் பேச்சை எழுத அரை மணி நேரம் பிடிக்கலாம். கைக்கு அலுப்புத் தரும் இந்த வேலைதான் மீதி நாட்களின் வழிகாட்டி. நம் மாணவியின் தாளில் 14 கோடுகள் விழுந்தன. அவற்றில் 10 ஒரு தொடருக்கு நட்டநடுவே விழுந்தவை. இறந்தகாலத்தில் வர வேண்டிய 12 வினைச்சொற்களில் ஐந்துதான் சரியாக வந்திருந்தன. 'ஆக்சுவலி' ஆறு தடவை.

கோடுகள் எத்தனை என்பதைவிட அவை எங்கே விழுந்தன என்பதைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரும் நிற்கிறார். ஆனால் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிற்கிறார். கேட்பவருக்கு அது மூச்சாகவே தெரியும். சொல்லைத் தேடித் தொடருக்கு நடுவில் நிற்பது அப்படியல்ல. மொழி கைகொடுக்கவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வாளரும் கருத்தைத் தேடும் தயக்கத்தையும் மொழியைத் தேடும் தயக்கத்தையும் வேறுபடுத்தியே பார்க்கிறார்.

வாக்கியம் நடுவில் ஏன் நிற்கிறது?

பாட்டியைப் பற்றி இவர் சொல்ல நினைத்ததைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்: 'பென்ஷன் பணம் எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பாட்டியை வங்கிக்குக் கூட்டிப் போனேன்.' தமிழில் விவரம் முழுவதும் முன்னால் வருகிறது. பாட்டி பிறகு வருகிறார். 'போனேன்' என்ற வினை கடைசியில் வந்து வாக்கியத்தை மூடுகிறது. ஆங்கிலத்தில் வரிசை ஏறக்குறைய தலைகீழ். யார் என்ன செய்தார் என்பது முதலில் வர வேண்டும். விவரம் பின்னால் தொங்க வேண்டும். மனதில் தமிழ் வரிசையில் கோத்த வாக்கியத்தை வாயால் ஆங்கிலத்தில் தொடங்கினால் நான்காவது சொல்லிலேயே முட்டுச்சந்து வந்துவிடும். தடக்கம் அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு மருந்து, தலையை முதலில் விட்டு வாலைப் பிறகு கட்டுவது. 'ஐ டுக் மை நெய்பர் டு த பேங்க்.' இது தலை. வாக்கியம் இங்கேயே நின்றாலும் பிழையில்லை. மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு வால்: 'பிகாஸ் ஷி குடின்ட் டேக் அவுட் ஹெர் பென்ஷன்.' இன்னொரு வால் வேண்டுமானால், 'விச் வாஸ் ஹெர் ஒன்லி இன்கம்.' நிற்கும் இடங்கள் இப்போது சரியான இடங்களாகிவிட்டன. எளிய வாக்கியமும் கூட்டு வாக்கியமும் கலந்து வருவதால் இலக்கணத்துக்கும் இது வலு சேர்க்கிறது. கூட்டு வாக்கியத்தில் பிழை வந்தாலும், பொருள் விளங்கினால் 6-ஆம் பேண்ட் அதைப் பொறுத்துக்கொள்கிறது. முயன்று பிழை செய்பவர், சின்னச் சின்ன வாக்கியங்களிலேயே ஒதுங்கி நிற்பவரைவிட மேலே நிற்பார்.

இரண்டு முதல் ஐந்தாம் நாள் வரை: ஒரே கதை, மூன்று முறை

பேச்சு ஓட்டத்துக்கு மொழிப் பயிற்றுநர்களிடையே நன்கு அறியப்பட்ட ஒரு முறை உண்டு. நியூஸிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியரின் எழுத்துகள் வழியே பரவலானது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது. ஐஇஎல்டிஎஸ் கார்டுக்கு ஏற்றபடி இதை மூன்று, இரண்டு, ஒன்றரை நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை என்றால் கைப்பேசிக்குச் சொல்லலாம். வீட்டில் அண்ணனோ சித்தியோ எதிரே உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் முறை சொல்லும்போது மனம் கதையையும் தேடுகிறது, மொழியையும் தேடுகிறது. இரண்டாம் முறை கதை தயாராக இருக்கிறது. மொழிக்கு மட்டும் கவனம் போகிறது. மூன்றாம் முறை அதே பாதையில் கால் பழகிவிடுகிறது. நாளொன்றுக்கு இரண்டு கார்டு போதும். ஒரு நாள் மனிதர்கள், அடுத்த நாள் இடங்கள், பிறகு பொருட்கள், பிறகு நிகழ்ச்சிகள் என்று நான்கு நாளில் எட்டு கார்டு. மூன்று முறைக்கும் இடையே எதையும் வாக்கியமாக எழுதக் கூடாது. எழுதினால் அது மனப்பாடமாகிவிடும்.

பயிற்சி வேலை செய்கிறதா என்பதை மூன்றாவது பதிவில் கேட்கலாம். முதல் முறை சொன்ன விவரம் எல்லாம் பாதி நேரத்துக்குள் வந்து, நடுவில் நிற்பது குறைந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். சொற்களின் முடிவை விழுங்கி வேகம் மட்டும் கூடியிருந்தால் வழி தவறிவிட்டது. வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. அப்படியானால் மறுநாள் கடைசி முறையை இரண்டு நிமிடமாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்களில் கட்டாயம் வரும் ஒரு சிக்கல், சொல் மறந்துபோவது. மாணவிக்கு ஊன்றுகோலுக்கான ஆங்கிலச் சொல் வரவில்லை. முதல் நாள் அங்கேயே ஐந்து விநாடி நின்றார். இப்போது 'வயதானவர்கள் நடக்கப் பிடித்துக்கொள்ளும் குச்சி' என்று ஆங்கிலத்தில் சுற்றிச் சொல்லப் பழகிக்கொண்டார். இப்படிச் சுற்றிச் சொல்வது குறையாகக் கருதப்படுவதில்லை. சொல்வளத்துக்கான அளவுகோலிலேயே அது ஒரு திறமையாக இடம்பெற்றிருக்கிறது.

ஆறு முதல் ஒன்பதாம் நாள் வரை: காலமும் ஒலியும்

அடுத்த குறை இறந்தகாலம். கதை சொல்லும் வேகத்தில் 'ஐ டுக்' என்பது 'ஐ டேக்' ஆகிவிடுகிறது. விதி தெரியாமல் அல்ல. கவனம் கதையில் இருப்பதால். இதற்கு எந்தக் கார்டையும் நான்கு படியாகப் பிரித்துக்கொள்ளலாம்: முன்பு, அன்று, பிறகு, இன்று. முன்பு பாட்டி மாதந்தோறும் தானே பணம் எடுப்பார். அன்று எண் மறந்துவிட்டது. பிறகு நான் வங்கிக்குக் கூட்டிப் போய்ப் புது எண் வாங்கித் தந்தேன். இன்று அவர் பழையபடி தனியாகப் போகிறார். இனி யாராவது கேட்டாலும் உதவுவேன். நான்கு படியும் நான்கு விதக் காலத்தைத் தாமாகவே இழுத்துவருகின்றன. கையில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சொல் குறித்தால் எட்டுச் சொல். அதுவே இரண்டு நிமிடத்துக்குப் போதும். வாக்கியமாகக் குறிப்பெழுத உட்கார்பவர் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்னே நிமிடம் முடிந்துவிடும்.

இறந்தகாலம் காணாமல்போவதற்கு உச்சரிப்பும் ஒரு காரணம். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் நாக்கு 'புக்' என்பதைப் 'புக்கு' ஆக்குகிறது, 'லுக்ட்' என்பதில் கடைசி ட்-ஐ விழுங்குகிறது. விழுங்கிவிட்டால் தேர்வாளர் காதில் நிகழ்காலமே விழும். நாம் சரியாக நினைத்தது அவருக்கு இலக்கணப் பிழையாகப் போய்ச் சேரும். சிலர் இதற்குப் பயந்து 'லுக்கெட்' என்று தனி அசையாக இழுக்கிறார்கள். அதுவும் தவறு. வினைச்சொல் ட் அல்லது டு ஓசையில் முடிந்தால் மட்டுமே 'வெய்ட்டிட்' போலத் தனி அசை வரும். கடைசி ஒலியை அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிவிட்டால் சுலபம்: 'லுக்ட் அட்' என்பதை 'லுக்-டட்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று நம் மொழிக்கே உரியது. 'பல்' என்பதில் வரும் ப-வும் 'கம்பு' என்பதில் வரும் ப-வும் எழுத்தில் ஒன்று, ஓசையில் வேறு. ம், ண், ங் ஆகியவற்றின் பின்னால் வரும் வல்லினம் தமிழில் தானாகவே மென்மையாகிவிடும். இந்தப் பழக்கத்தோடு 'கம்பெனி', 'சிம்பிள்', 'இம்பார்ட்டன்ட்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் கம்பு-வின் ப-தான் வரும். 'பல்' என்பதன் ப வர வேண்டிய இடம் அது. 'கன்ட்ரி' என்பதன் ட-வும் 'வண்டி'யின் ட போலாகிவிடுகிறது. தமிழ் வாடை வீசும் உச்சரிப்புக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. எந்தச் சொல் என்று கேட்பவர் ஒரு கணம் தடுமாறினால்தான் குறையும். ஆகவே எல்லா ஒலிகளையும் திருத்தப் புறப்பட வேண்டாம். முதல் நாள் எழுதிய தாளிலிருந்தே பத்துச் சொல்லைப் பொறுக்கி, தினமும் பத்து நிமிடம் பதிவு செய்து, அகராதியின் ஒலியோடு ஒப்பிட்டால் போதும்.

பத்து முதல் பன்னிரண்டாம் நாள் வரை: எதிரே ஓர் ஆள்

மூன்றாம் பகுதியைக் கைப்பேசியோடு பழக முடியாது. கேள்வி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத நிலையில்தான் அந்தப் பயிற்சி பயிற்சியாகும். நண்பரோ ஆசிரியரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து 'ஏன்?', 'எல்லோருக்கும் அப்படியா?' என்று குடைய வேண்டும். உதவி பற்றிய கார்டுக்குப் பின் 'நகரத்தில் இருப்பவர்கள் கிராமத்தவரைவிடக் குறைவாக உதவுகிறார்களா?' என்று கேட்கலாம். நம் மாணவி உடனே தன் தெருக் கதைக்குப் போய்விட்டார். கேள்வி மக்களைப் பற்றியது. பதிலும் பொதுவாகத் தொடங்க வேண்டும். நகரத்தில் உதவும் மனம் குறைவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தாரைத் தெரியாது என்பது கருத்து. அடிக்கடி வீடு மாறுகிறார்கள் என்பது காரணம். கிராமத்தில் தாத்தா காலத்திலிருந்தே ஒருவரையொருவர் அறிவார்கள் என்பது எதிர்ப்பக்கம். கருத்துக்கும் காரணத்துக்கும் இடையே 'பிகாஸ்', காரணத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையே 'வேர்ஆஸ்'. இவ்வளவே ஒரு நல்ல பதிலின் எலும்புக்கூடு. தெருக் கதை கடைசியில் உதாரணமாக வரலாம்.

கேள்வி புரியாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம். 'சாரி, குட் யூ ரிபீட் தட்?' என்று கேட்பதற்காக மதிப்பெண் குறைவதில்லை. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்றானால்தான் கோர்வை கெடும்.

இந்த நாட்களில் பலருக்குப் பயம் வந்து, எங்கோ கிடைத்த மாதிரி விடைகளை உருப்போடத் தொடங்குவார்கள். முழுத் திட்டத்தையும் கெடுப்பது இதுதான். மனப்பாடம் செய்த பகுதி வந்ததும் குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிறது, வேகம் திடீரென்று கூடுகிறது, அடுத்த சொந்த வாக்கியத்தில் இரண்டும் சரிகின்றன. தேர்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். கண்டதும் எதிர்பாராத கேள்விக்குத் தாவிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் நாள் முதல் நாள் கார்டையே மறுபடி எடுத்து, பதிவு செய்து, எழுதி, கோடு போட வேண்டும். தொடர் நடுவில் நின்ற இடங்கள் 10-லிருந்து மூன்று நான்காகக் குறைந்து, இறந்தகாலம் பெரும்பாலும் சரியாக வந்து, பேச்சு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியிருந்தால் 6 எட்டும் தூரத்தில் இருக்கிறது. பேச்சு நீண்டும் நடுவில் நிற்பது குறையவில்லை என்றால், கடைசி இரண்டு நாளும் தலை-வால் பயிற்சிக்கே போக வேண்டும். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

கடைசி இரண்டு நாள்

பதிமூன்றாம் நாள் ஒரு முழு மாதிரித் தேர்வு. பதினான்காம் நாள் காலையில் பழைய கார்டு இரண்டு, அவ்வளவுதான். தொண்டைக்கு ஓய்வு வேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள். பதிவு செய்யும்போது காட்டிய அதே பாஸ்போர்ட் தேர்வு நாளிலும் வேண்டும். தேர்வுக்கு அரை மணி நேரம் முன்பிருந்து ஆங்கிலத்திலேயே யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பது நல்லது. முதல் பகுதியின் எளிய கேள்விகள் வாயைத் திறக்கவே செலவாகிவிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் 5.5-இல் நின்றுவிட்டால் ஒரு கதவு இருக்கிறது. கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு; 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்று அதற்குப் பெயர். எல்லாப் பல்கலைக்கழகமும் அந்த மதிப்பெண்ணை ஏற்பதில்லை. தேர்வுக்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவைத்தால், அந்த அறைக்குள் நுழையும்போது ஒரு பாரம் குறையும்.

இரண்டாம் பகுதியில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் 'தேங்க் யூ' என்று நிறுத்தினால் கலங்க வேண்டாம். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது என்று பொருள், வேறொன்றுமில்லை. முதல் நாள் 50 விநாடியில் தீர்ந்துபோன பாட்டியின் கதை, இப்போது இன்னொருவர் நிறுத்தச் சொல்லும்வரை ஓடியிருக்கிறது.